லேசரா, ஊசியா, அறுவையா: சர்க்கரை நோயில் விழித்திரையில் புது ரத்தக்குழாய் முளைத்தபின் எடுக்க வேண்டிய முடிவு

பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவரிடம், பார்வைப் பலகையின் கடைசி வரி வரை தடையின்றிப் படித்து முடித்த அதே நாளில், "உங்கள் கண்ணுக்குள் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, உடனே சிகிச்சை வேண்டும்" என்று மருத்துவர் சொன்னால் அவர் குழம்புவது இயல்பே. வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வையும் குறையவில்லை. அப்படியிருக்க, கண்ணில் லேசர் வைக்கலாம் அல்லது மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போடலாம் என்று இரண்டு வழிகள் அவர் முன் வைக்கப்படுகின்றன. சிலருக்கு மூன்றாவதாக அறுவைச் சிகிச்சையும் பேசப்படுகிறது. இவற்றுள் எதை, யார், எப்போது தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. மருந்தின் வலிமையைவிட, நோயாளி மறுபடி மருத்துவமனைக்கு வருவாரா என்ற கேள்விதான் இந்தத் தேர்வைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது என்பது என் கருத்து. அதற்கான காரணம் நோய் வளரும் முறையிலேயே இருக்கிறது.

புதுக்குழாய் ஏன் முளைக்கிறது, ஏன் உடைகிறது

நெடுங்காலம் உயர்ந்து நிற்கும் சர்க்கரை, விழித்திரையின் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரைக் கெடுக்கிறது. சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் அழிகின்றன, உள்வழி சுருங்குகிறது, ஒரு கட்டத்தில் குழாய் முழுவதும் அடைபட்டுப் போகிறது. இப்படி அடைபட்ட பகுதிகளில் விழித்திரை ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது. தவிக்கும் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. இது, "இங்கே ரத்தம் போதவில்லை, புதுக்குழாய் வேண்டும்" என்று உடல் தனக்குத்தானே அனுப்பும் வேதிச் செய்தி. காலில் புண் ஆறும்போது உதவும் இந்தச் செய்தி, கண்ணுக்குள் கேட்டைத்தான் விளைவிக்கிறது.

அந்தச் செய்தியைக் கேட்டு முளைக்கும் குழாய்கள் விழித்திரைக்குள் சென்று பசித்த இடத்துக்கு ரத்தம் கொடுப்பதில்லை. அவை விழித்திரையின் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளிவந்து, கண்ணின் உட்குழியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற தெளிந்த கூழின் பின்பக்கத்தைப் பற்றிப் படர்கின்றன. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டின் மேலும், பெரிய சிரைகளின் ஓரத்திலும் இவை அதிகம் காணப்படுகின்றன. கையில் சிரை வழியாக ஃப்ளோரெசின் என்ற சாயத்தைச் செலுத்திப் படம் எடுத்தால், இயல்பான குழாய்கள் சாயத்தைத் தமக்குள்ளேயே வைத்திருக்க, இந்தப் புதுக்குழாய்களிலிருந்து மட்டும் சாயம் புகைபோலக் கசிந்து பரவுவதைக் காணலாம். அவற்றின் சுவர் முழுமையடையாதது என்பதற்கு அதுவே சான்று.

குழாய் தானாக உடைவதைவிட, இழுபட்டு உடைவதே அதிகம். வயது ஏற ஏற விட்ரியஸ் கூழ் சுருங்கி விழித்திரையிலிருந்து பிரியத் தொடங்குகிறது; சர்க்கரை நோயாளிகளுக்கு இது முழுமையாகப் பிரியாமல் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒட்டிய இடத்தில் புதுக்குழாய் படர்ந்திருந்தால், கூழ் பின்னிழுக்கும்போது குழாய் கிழிந்து ரத்தம் கசிகிறது. கனமான பொருளைத் தூக்கியதால்தான் ரத்தம் கசிந்தது என்று பலர் தம்மைத் தாமே நொந்துகொள்வார்கள். ஆனால் தூங்கி எழும்போதே கண் மங்கியிருப்பதாகச் சொல்பவர்கள் ஏராளம். சிறிய கசிவு என்றால் கருப்பு நூலிழைகளும் ஒட்டடை போன்ற நிழல்களும் கண்ணசைவுக்கேற்ப மிதக்கும். பெரிய கசிவு என்றால் சில நிமிடங்களில் செம்புகை பரவியதுபோலப் பார்வை மறைந்து, வெளிச்சம் மட்டுமே தெரியும் நிலை வரலாம். அப்போதும் வலி இருக்காது.

ரத்தம் கசிவதோடு கதை முடிவதில்லை. குழாய்களோடு சேர்ந்து நார்த்திசுவும் வளர்கிறது. இந்த நார் சுருங்கும்போது விழித்திரையையே அதன் இடத்திலிருந்து இழுத்துப் பிரித்துவிடும். கசிந்த ரத்தம் வாரங்களில் கரையலாம். இழுபட்டுப் பிரிந்த மையப்பகுதி பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. வேறு சிலருக்குக் கருவிழியின் பின்னுள்ள ஐரிஸ் திரையிலும் இதே குழாய்கள் முளைத்து, கண்ணீர்மம் வடியும் கோணத்தை அடைத்து, மிகவும் வலிதரும் ஒருவகை கண் அழுத்த நோயை உண்டாக்குகின்றன.

லேசர் எதைச் சுடுகிறது

பொதுவாக நிலவும் தவறான எண்ணம் ஒன்று உண்டு: லேசர் கதிர் கசியும் குழாயைத் தேடிச் சென்று அடைத்துவிடுகிறது என்பது. இந்த நோய்க்கு வைக்கும் பரவல் லேசர் அப்படிச் செய்வதே இல்லை. அது புதுக்குழாய்களைத் தொடாமல், மையப் பார்வைக்குரிய மாகுலாவையும் பார்வை நரம்பையும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள பசித்த விழித்திரையில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளைச் சுடுகிறது. கதிரின் வெப்பத்தை விழித்திரையின் அடியிலுள்ள நிறமி அடுக்கு உள்வாங்கிக்கொள்ள, அதை ஒட்டியிருக்கும் ஒளியுணர் செல்கள் அந்தப் புள்ளியில் அழிகின்றன.

விழித்திரையில் ஆக்சிஜனை அதிகம் செலவழிப்பவை இந்த ஒளியுணர் செல்கள்தான். அவை இருக்கும்வரை, அடியிலிருந்து கோராய்டு என்ற ரத்த அடுக்கு கொடுக்கும் ஆக்சிஜனை அவையே உறிஞ்சிவிடுகின்றன. அவை அழிந்த புள்ளிகள் வழியாக அந்த ஆக்சிஜன் உள்ளடுக்குகளுக்கு ஏறுகிறது. நீர் குறைந்த ஆண்டில் சில வயல்களைத் தரிசாக விட்டு, இருக்கும் நீரை மற்ற வயல்களுக்குத் திருப்புவதைப் போன்றது இது. பசி தணிந்தவுடன் வி.இ.ஜி.எஃப். சுரப்பு குறைகிறது, செய்தி நின்றுபோனதால் புதுக்குழாய்கள் சில வாரங்களில் வாடிச் சுருங்குகின்றன. தேவையே நிலையாகக் குறைக்கப்பட்டுவிடுவதால் விளைவும் நிலையாக நிற்கிறது. லேசருக்கும் ஊசிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

இந்த முறைக்கு உறுதியான சான்று 1970களில் அமெரிக்காவில் நடந்த டயபெடிக் ரெட்டினோபதி ஸ்டடி என்ற ஆய்விலிருந்து வந்தது. 1,700க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு கண்ணில் லேசர் அல்லது செனான் ஒளியால் சிகிச்சை செய்து, மறு கண்ணை விட்டுவைத்து ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில், விட்டுவைத்த கண்களில் ஏறத்தாழ 16 விழுக்காடும் சிகிச்சை பெற்ற கண்களில் ஏறத்தாழ 6 விழுக்காடும் மிகக் கடுமையான பார்வை இழப்பை அடைந்தன. இங்கே கடுமை என்பது, பலகையின் மிகப் பெரிய எழுத்தைக்கூட வழக்கமான தூரத்தில் நின்று படிக்க முடியாத நிலை. 1976இல் முதல் முடிவுகள் வெளிவந்ததும், விட்டுவைத்த கண்களில் ஆபத்து மிகுந்தவற்றுக்கும் சிகிச்சை கொடுக்கும்படி ஆய்வின் விதியே மாற்றப்பட்டது.

ஆபத்து மிகுந்த கண் எது என்பதையும் அந்த ஆய்வுதான் வரையறுத்தது. நரம்பு வட்டின் மேல், வட்டின் பரப்பில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மேல் புதுக்குழாய் படர்ந்திருப்பது, அல்லது வட்டின் மேல் எவ்வளவு சிறிய குழாயாக இருந்தாலும் அதனுடன் ரத்தக்கசிவும் சேர்ந்திருப்பது, அல்லது வேறிடத்தில் வட்டின் பாதியளவுக்கேனும் குழாய் படர்ந்து கசிவும் இருப்பது. இத்தகைய கண்களைச் சும்மா விட்டால் இரண்டு ஆண்டில் நான்கில் ஒன்று கடுமையாகப் பார்வை இழக்கிறது. லேசர் வைத்தால் அது ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது. "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்பவருக்குச் சொல்ல வேண்டிய எண்கள் இவை. பார்வை நன்றாக இருக்கும்போது செய்வதே இந்தச் சிகிச்சையின் பயன். இழந்த பார்வையை லேசர் மீட்டுத் தருவதில்லை.

லேசருக்குக் கொடுக்கும் விலை

வழக்கமான முறையில் ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 புள்ளிகள் வரை, ஒவ்வொன்றும் விழித்திரையில் அரை மில்லிமீட்டர் அகலத்தில், பத்தில் ஒரு விநாடி நேரம் சுடப்படுகின்றன. கணக்குப் பார்த்தால் இது விழித்திரைப் பரப்பில் ஏறத்தாழக் கால் பங்கு. இப்போது பல மருத்துவமனைகளில் உள்ள கருவிகள், விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் வரிசை வரிசையாகச் சிறு புள்ளிகளை ஒரே அழுத்தலில் பதிக்கின்றன. வலி குறைகிறது, நேரமும் மிச்சம். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் சிறியது, ஆறியபின் இன்னும் சுருங்குவது என்பதால், அதே பலனுக்கு 2,500 அல்லது அதற்கும் மேற்பட்ட புள்ளிகள் தேவைப்படும். இதைக் கவனிக்காமல் பழைய எண்ணிக்கையிலேயே நிறுத்திவிட்டால் சிகிச்சை அரைகுறையாகிவிடும். "லேசர் வைத்தும் குழாய் போகவில்லை" என்று வரும் கண்களில் சிலவற்றின் உண்மைக் காரணம் புள்ளிகள் போதாமையே.

அமர்வு ஒன்று பதினைந்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை நீளும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தும் விட்டபின், கண்ணின் மேல் ஒரு தொடுவில்லையை வைத்து அதன் வழியே கதிரைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் குத்துவதுபோன்ற சிறு உணர்வுதான்; ஆனால் விழித்திரையின் ஓரத்தை எட்டும்போதும், மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும் நேர்க்கோட்டில் நரம்புகள் ஓடும் இடங்களிலும் சுரீர் என்று வலிக்கும். தாங்க முடியாதவர் சொல்லிவிட்டால் கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யலாம். வலியைப் பொறுக்காமல் தலையை இழுத்துக்கொள்வதுதான் ஆபத்து. முடிந்தபின் சில மணி நேரம் பார்வை இருண்டும் கூசியும் இருக்கும். வண்டி ஓட்டி வீடு திரும்ப நினைப்பது கூடாது.

நீண்டகால இழப்புகளை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சுடப்பட்ட ஓரப்பகுதி இரவுப் பார்வைக்கு உரியது என்பதால் மங்கலான தெருவில் நடப்பது முன்னைவிடக் கடினமாகும். பக்கவாட்டுப் பார்வை சற்றுக் குறுகும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வரும்போது கண் பழகக் கூடுதல் நேரம் பிடிக்கும். இளவயதினருக்கு அருகில் பார்க்கும் திறன் தற்காலிகமாகக் குறையலாம். இவற்றுக்கு மேல் ஒன்று: மாகுலாவில் ஏற்கெனவே நீர்க்கோவை இருந்தால், ஒரே மூச்சில் நிறையப் புள்ளிகள் வைப்பது அதை அதிகமாக்கும். அதனால்தான் அமர்வுகளை ஒன்றிரண்டு வார இடைவெளியில் பிரிக்கிறார்கள். வீக்கம் இருந்தால் அதை முதலில் ஊசியால் அடக்குகிறார்கள்.

ஊசி: வேகம் அதிகம், நிலைப்பு குறைவு

பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட் ஆகிய மருந்துகள், ஏற்கெனவே சுரந்திருக்கும் வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கின்றன. லேசருக்கு வாரங்கள் பிடிக்கும் வேலையை இவை சில நாட்களில் செய்துவிடும். விழித்திரையில் எதுவும் சுடப்படுவதில்லை, மாகுலா வீக்கமும் சேர்ந்து குறைகிறது. ஒரே ஓர் இடர்ப்பாடு: பசி அப்படியே இருக்கிறது. மருந்து சில வாரங்களில் வற்றியதும் செய்தி மறுபடி ஒலிக்கத் தொடங்குகிறது, குழாய் மறுபடி துளிர்க்கிறது.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் முக்கியமானது, அமெரிக்காவின் டி.ஆர்.சி.ஆர். ஆய்வுக் கூட்டமைப்பு 2015இல் வெளியிட்ட புரோட்டோகால் எஸ். 305 பேரின் 394 கண்களில் ரானிபிசுமாப் ஊசியையும் பரவல் லேசரையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் ஊசி, பார்வைக் கூர்மையில் லேசருக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. பக்கவாட்டுப் பார்வை இழப்பு ஊசிக் குழுவில் மிகக் குறைவு. புதிதாக மாகுலா வீக்கம் தோன்றியது லேசர் குழுவில் 28 விழுக்காடு, ஊசிக் குழுவில் 9 விழுக்காடு. விட்ரியஸ் அறுவை தேவைப்பட்டதும் லேசர் குழுவில் 15 விழுக்காடு, ஊசிக் குழுவில் 4 விழுக்காடு. பிரிட்டனில் அஃப்ளிபர்செப்ட்டை வைத்து நடந்து 2017இல் வெளியான கிளாரிட்டி ஆய்வு, ஓராண்டு முடிவில் ஊசிக்கு இன்னும் சாதகமாகவே இருந்தது.

இந்த எண்களோடு நிறுத்தினால் ஊசிதான் வெற்றி பெற்றது என்று தோன்றும். ஆனால் ஆய்வில் இருப்பவர்களைத் தேதி தவறாமல் வரவழைக்கத் தனி ஊழியர்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் புரோட்டோகால் எஸ். ஆய்வின் ஐந்தாம் ஆண்டில், உயிரோடிருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வரவில்லை. வந்தவர்களிடம் அந்த ஐந்தாண்டு முடிவில் இரு குழுக்களின் பார்வைக் கூர்மையும் சமமாகவே இருந்தது. ஊசிக் குழுவினர் அதற்குள் ஒரு கண்ணுக்குச் சராசரியாக 19 ஊசிகள் பெற்றிருந்தார்கள். அப்படியானால் ஆய்வுக்கு வெளியே, வேலையும் பேருந்தும் பணமும் துணைக்கு வர ஆளும் கிடைக்க வேண்டிய வாழ்க்கையில் என்ன ஆகும்?

அதற்கு விடை தருவது 2019இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. சிகிச்சை பெற்றபின் ஆறு மாதத்துக்கு மேல் வராமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்த கண்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். லேசர் பெற்ற 46 கண்களில் ஒன்றில்தான் இறுதியில் விழித்திரை இழுபட்டுப் பிரிந்திருந்தது. ஊசி மட்டுமே பெற்ற 30 கண்களில் அது 10. சிறிய எண்ணிக்கை, பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்ற குறைகள் இதற்கு உண்டு. ஆனால் நோயின் இயல்பை நினைத்தால் இது வியப்பல்ல: லேசர் பெற்றவர் வராதபோதும் அந்தச் சூட்டுப் புள்ளிகள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன, ஊசி பெற்றவர் வராதபோது கண்ணில் காவலே இல்லை.

ஊசிக்கென்று வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. நார்த்திசு ஏற்கெனவே அடர்ந்துள்ள கண்ணில் ஊசி போட்டால், குழாய் திடீரென வாடி நார் வேகமாகச் சுருங்கி, ஒன்றிரண்டு வாரங்களிலேயே விழித்திரையை இழுத்துவிடக்கூடும். அத்தகைய கண்ணில் அறுவைக்குச் சில நாட்கள் முன்பு மட்டும் ஊசி போடுவது வழக்கம். சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றில் கண்ணுக்குள் கிருமித் தொற்று ஏற்படலாம். ஊசிக்குப் பின் வரும் நாட்களில் வலியும் சிவப்பும் கூடி, பார்வையும் குறைந்தால் அன்றே ஓடிவர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களுக்கும் மருத்துவர்கள் ஊசியைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ செய்வார்கள். அங்கே லேசருக்குத் தடை இல்லை.

அறுவை எப்போது

விட்ரியஸ் முழுவதும் ரத்தம் நிறைந்துவிட்டால் லேசர் கதிர் விழித்திரையைச் சென்று சேராது. அப்போது முதலில் பி-ஸ்கேன் என்ற ஒலி அலைப் படம் எடுத்து, ரத்தத்துக்குப் பின்னால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மையப்பகுதி பிரிந்திருந்தால் அல்லது பிரியப்போவதாக இருந்தால் காத்திருக்க இடமில்லை. விட்ரெக்டமி என்ற அறுவையில் ரத்தம் கலந்த கூழையும் இழுக்கும் நாரையும் அகற்றி, அப்போதே உள்ளிருந்து லேசரும் வைத்துவிடுகிறார்கள். விழித்திரை ஒட்டியே இருந்தால், சில வாரங்கள் காத்திருக்கலாம் அல்லது ஊசி போட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கடைசித் தேர்வையும் டி.ஆர்.சி.ஆர். கூட்டமைப்பு சோதித்திருக்கிறது. ரத்தம் நிறைந்த கண்களில் உடனே அறுவை செய்ததையும் அஃப்ளிபர்செப்ட் ஊசிகளையும் ஒப்பிட்டபோது, முதல் ஆறு மாதங்களின் சராசரிப் பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. அறுவை பெற்றவர்களுக்குப் பார்வை விரைவாகத் திரும்பியது. ஊசி பெற்றவர்களில் மூவரில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் எப்படியும் அறுவை தேவைப்பட்டது. ஆகவே மறு கண்ணிலும் பார்வை இல்லாதவர், வேலைக்கு உடனே திரும்ப வேண்டியவர், இதுவரை லேசரே பெறாதவர் ஆகியோருக்கு அறுவையை முன்னுக்குக் கொண்டுவருவது நியாயம். மறு கண் நன்றாக உள்ளவர் காத்திருக்கலாம். காத்திருக்கும் நாட்களில் தலைமாட்டை உயர்த்தித் தூங்கினால் ரத்தம் கீழே படிந்து மேற்பகுதி தெளியும், அந்தத் தெளிந்த பகுதியில் லேசர் வைக்கவும் முடியும்.

ஒருவருக்கு முடிவெடுப்பது எப்படி

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர், பலரிடம் காணப்படும் நிலைகளைச் சேர்த்து அமைத்தது. வயது 54, பதினேழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. அளவு 9.4. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மதுரைக்கு வந்து போக ஒரு முழு நாள் கடையை மூட வேண்டும். வலது கண்ணில் 6/9 பார்வை. நரம்பு வட்டின் பாதியை மூடிய புதுக்குழாய், அதன் கீழே படகு வடிவத்தில் தேங்கிய சிறு ரத்தம், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் மாகுலாவின் மையத்தில் லேசான வீக்கம். இடது கண்ணில் 6/6 பார்வை. சிரை ஓரத்தில் ஒரு சிறு குழாய், கசிவு இல்லை. நார்த்திசு இரு கண்களிலும் இல்லை.

வலது கண் ஆபத்து மிகுந்த வகையைச் சேர்ந்தது, இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் மாகுலா வீக்கம் இருப்பதால் நேரே லேசரில் இறங்குவதைவிட, முதல் நாள் ஒரு ஊசி போட்டு, ஒரு வாரம் கழித்து லேசரைத் தொடங்கி மூன்று அமர்வுகளில் முடிப்பது நல்லது. ஊசி இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது: வீக்கத்தை அடக்குகிறது, லேசரின் பலன் வரும்வரை கசிவைத் தடுக்கிறது. முதல் அமர்வில் விழித்திரையின் கீழ்ப்பாதியை முடித்துவிடுவது பழக்கப்பட்ட கைகளின் வழக்கம். இடையில் ரத்தம் கசிந்தால் அது கீழேதான் படியும், அப்போது அங்கே கதிர் செல்லாது.

இடது கண்தான் உண்மையான தேர்வு. அது இன்னும் ஆபத்து மிகுந்த நிலையை எட்டவில்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரக்கூடியவர், இரவில் வண்டி ஓட்டும் தொழில் செய்பவர், அல்லது இளவயதினர் என்றால் ஊசியைத் தொடர்ந்து பக்கவாட்டுப் பார்வையைக் காப்பாற்றலாம், அல்லது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உற்றுக் கவனித்துக் காத்திருக்கலாம். இவருக்கோ வலது கண் ஏற்கெனவே கசிந்துவிட்டது, சர்க்கரை கட்டுக்குள் இல்லை, திருவிழாக் காலத்தில் இரண்டு மாதம் கடையை விட்டு நகர முடியாது என்று அவரே சொல்கிறார். இடது கண்ணிலும் இப்போதே லேசரை முடித்துவிடுவதுதான் என் தீர்ப்பு. இரவுப் பார்வை சற்றுக் குறையும் என்பதை அவரிடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்தால், லேசர்தான் கண்ணைக் கெடுத்தது என்று மற்ற அமர்வுகளுக்கு வராமல் நின்றுவிடுவார்.

கடைசி அமர்வு முடிந்து ஐந்து வாரத்தில் அவரது வலது கண்ணில் மறுபடி நூலிழைகள் மிதக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லேசர் தோற்றுவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழாய் வாடும்போதும் கூழ் பிரியும்போதும் சிறு கசிவு வருவது உண்டு. பி-ஸ்கேனில் விழித்திரை ஒட்டியிருப்பதை உறுதி செய்து, தெளிந்ததும் வட்டின் மேலிருந்த குழாயைப் பார்க்க வேண்டும். அது சுருங்கி வெண்ணிழையாக மாறியிருந்தால் போதும். இன்னும் சிவந்து புது முனைகள் விட்டுக்கொண்டிருந்தால், முதலில் வைத்த புள்ளிகளின் இடைவெளிகளிலும் ஓரத்திலும் கூடுதல் லேசர் வைக்க வேண்டும். சிலருக்கு இந்த இரண்டாம் சுற்று தேவைப்படுகிறது.

இந்தக் கட்டத்தில் வீட்டார் பெரும்பாலும் கேட்பது, இதயத்துக்காக அவர் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்திவிடலாமா என்பது. நிறுத்தக் கூடாது. லேசருக்கு அடுத்த பெரிய ஆய்வான ஈ.டி.டி.ஆர்.எஸ்., நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தும் கண்ணுக்குள் ரத்தக்கசிவு கூடவில்லை என்று காட்டியது. மாறாகக் கவனிக்க வேண்டியது சர்க்கரையைக் குறைக்கும் வேகம். 9.4இல் இருப்பவருக்கு இன்சுலின் தொடங்கிச் சில மாதங்களில் வேகமாக இறக்கினால், விழித்திரை நோய் சிறிது காலம் தீவிரமாகலாம். நீண்டகாலப் பலன் பெரியது என்பதால் இறக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த மாதங்களில் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இவரைப் பொறுத்தவரை, சர்க்கரை மருத்துவர் மருந்தை மாற்றும் நாளிலேயே கண் மருத்துவருக்கும் அடுத்த தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது. லேசர் முடிந்த முதல் ஆண்டில் அந்தத் தேதிகள் இரண்டு மூன்று மாத இடைவெளியில் அமைய வேண்டும்.